அரக்கும் பச்சையும்: நிழற்படத்துக்கு இருவண்ணம் ஏற்றுதல்

வடிவமைப்பு படிக்கும் மாணவர்களும் அச்சகத்தில் வேலை பார்க்கிறவர்களும் ஒரே அரங்கில் உட்கார்ந்திருப்பது அரிது. அதனால் இரு தரப்புக்கும் பயன்படும்படி, என் மேசையில் நடந்த ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே பேசப்போகிறேன்.

காஞ்சிபுரம் பக்கத்தில் உள்ள ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு விற்பனைக் கையேடு ஒன்றும், அதோடு ஒரு இணையப் பக்கமும் செய்ய வேண்டியிருந்தது. சங்கத்தின் முத்திரைக்கு ஏற்கெனவே இரண்டு நிறங்கள் உண்டு: அரக்கு, இலைப்பச்சை. அரக்கின் எண் #B3202C, பச்சையின் எண் #2E8B3D. அவர்கள் கொடுத்த நாற்பது படங்களும் பல வருடங்களில், பல பேர் கைபேசியில் எடுத்தவை. சிலவற்றில் டியூப்லைட்டின் பச்சை படிந்திருந்தது. சிலவற்றில் மாலை வெயிலின் மஞ்சள். ஒன்றோடொன்று ஒட்டாத படங்கள். இவற்றையெல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள்போல் காட்ட என்ன வழி என்று யோசித்தபோதுதான் டுவோடோன் நினைவுக்கு வந்தது. படத்தின் சொந்த நிறங்களை எடுத்துவிட்டு, இருட்டுக்கு ஒரு நிறம், வெளிச்சத்துக்கு ஒரு நிறம் என்று ஏற்றுவது. 2015-இல் ஸ்பாட்டிஃபை நிறுவனத்தின் தோற்றத்தை நியூயார்க்கின் காலின்ஸ் நிறுவனம் மாற்றியமைத்தபோது இந்த உத்தியைத்தான் கையாண்டது. பாடகர்களின் படங்கள் எங்கெங்கிருந்தோ வரும். ஒன்றின் தரம் இன்னொன்றுக்கு இருக்காது. இரு நிறத்தில் தோய்த்தெடுத்ததும் எல்லாம் ஒரே குடும்பமாகிவிட்டன.

நானும் அப்படியே செய்தேன். போட்டோஷாப்பில் கிரேடியன்ட் மேப் என்ற அடுக்கைப் போட்டு, இடது முனையில் அரக்கு, வலது முனையில் பச்சை வைத்தேன். தறியில் ஒரு அம்மா உட்கார்ந்து நாடா வீசுகிற படம். நிறம் ஏறியதும் அம்மாவைக் காணோம். தறி இல்லை, கை இல்லை. காய்ந்த சாணி மெழுகிய சுவர்போல ஒரு பழுப்புப் பரப்பு. என் முதல் எண்ணம், படம் மோசம் என்பதுதான். இன்னொரு படம் போட்டேன். அதுவும் அப்படியே. தவறு படத்தில் இல்லை, என் இரண்டு முனைகளில் இருந்தது.

கிரேடியன்ட் மேப் செய்கிற வேலை மிக எளிமையானது. படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் பார்த்து, அது எவ்வளவு வெளிச்சம் என்று மட்டும் கேட்கிறது. முழு இருட்டா, இடது முனை நிறத்தை எடுத்துக்கொள். முழு வெளிச்சமா, வலது முனை. நடுவில் இருந்தால் நடுவில் உள்ளது. ஆகவே படத்தில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே இருந்த தூரம் முழுவதும், நாம் கொடுத்த இரண்டு நிறங்களுக்கு நடுவே இருக்கிற தூரத்துக்குள் அடங்கியாக வேண்டும். அந்தத் தூரம் எவ்வளவு? கண் உணரும் ஒளிர்வில் தூய வெள்ளையை 100 என்றும் கறுப்பை 0 என்றும் வைத்தால், என் அரக்கு 11, என் பச்சை 19. நூறு படி அகலத்தில் இருந்த ஒரு முகத்தை எட்டுப் படிக்குள் திணித்திருக்கிறேன். திரையில் எழுத்து படிக்க முடியுமா என்று பார்க்கப் பயன்படும் மாறுபாட்டு விகிதத்தில் சொன்னால், கறுப்புக்கும் வெள்ளைக்கும் 21-க்கு 1. என் அரக்குக்கும் பச்சைக்கும் 1.5-க்கு 1. அரக்கும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பளீரென்று வேறுபடுகின்றனவே என்று தோன்றும். வேறுபடுவது நிறம். வெளிச்சம் அல்ல. முகத்தை முகமாகக் காட்டுவது வெளிச்ச வேறுபாடுதான்.

அச்சுத் தொழிலில் இருக்கும் பெரியவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. டுவோடோன் என்ற சொல்லே அங்கிருந்து வந்தது. ஒரே ஒரு மையை வைத்து ஒரு நிழற்படத்தின் எல்லாச் சாயல்களையும் தாளில் கொண்டுவருவது கடினம். நிழல் பகுதி ஒரேயடியாக அடைத்துக்கொள்ளும், இல்லையென்றால் வெளிறிப்போகும். அதனால் ஒரே படத்துக்கு இரண்டு பிளேட் எடுத்தார்கள். கறுப்பு பிளேட் ஆழ்ந்த நிழலைத் தாங்கும். இரண்டாவது மை, பழுப்போ நீலமோ, நடுச்சாயல்களைத் தாங்கும். இரண்டு பிளேட்டின் புள்ளிவரிசைகளும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து அலையலையாகக் கோலம் போடாமலிருக்க, ஒன்றை 45 டிகிரியிலும் மற்றதை அதிலிருந்து 30 டிகிரி தள்ளி 75-இலும் சாய்த்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது, அந்த இரண்டாவது மை அலங்காரத்துக்காக வந்ததல்ல என்பது. சாயல்களைக் கூட்டுவதற்காக வந்தது. கணினியில் உட்கார்ந்த நாங்கள் அந்தக் காரணத்தை மறந்து, நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

சரி, சங்கத்தின் வேலைக்கு வருவோம். முத்திரை நிறத்தை மாற்ற எனக்கு உரிமை இல்லை. ஆனால் அதே நிறத்தின் ஆழ்ந்த வடிவத்தையும் வெளிறிய வடிவத்தையும் எடுத்துக்கொள்ளலாம். சாயப்பட்டறையில் ஒரே சாயத்தில் நூலை ஒரு முக்கு, இரண்டு முக்கு என்று தோய்ப்பதுபோல. அரக்கை மேலும் ஆழமாக்கி #3D0A12 என்று ஒரு கருஞ்சிவப்பை இருட்டு முனைக்கு வைத்தேன். வெளிச்ச முனைக்குப் பச்சையை வெளிறச் செய்து ஓர் இளம்பச்சை. இப்போது முகம் தெரிந்தது. ஆனால் கன்னம், கழுத்து, தறியின் மரம் என்று நடுச்சாயல் உள்ள இடமெல்லாம் கலங்கிய குளத்து நீர்போல் ஆகிவிட்டது. இதற்கும் காரணம் கணக்கில்தான் இருக்கிறது. சிவப்பும் பச்சையும் எதிரெதிர் நிறங்கள். ஒன்றிலிருந்து மற்றதற்கு நேர்கோட்டில் போனால் வழியில் சாம்பலைத்தான் கடக்க வேண்டும். என் இரண்டு முனைகளுக்கும் சரிநடுவில் கிடைத்த நிறம் சிவப்பு 141, பச்சை 125, நீலம் 116. மூன்றும் ஏறத்தாழ சமம். அதுதான் சேறு. முகம் பெரும்பாலும் நடுச்சாயலில்தான் இருக்கும் என்பதால் சேறு சரியாக முகத்தில் போய்ப் பூசிக்கொள்கிறது.

அப்போதுதான் ஒரு முடிவெடுத்தேன். முத்திரையில் இரண்டு நிறம் இருப்பதால் படத்துக்குள்ளும் இரண்டும் இருந்தே தீர வேண்டும் என்று யார் சொன்னது? பச்சையைப் படத்திலிருந்து எடுத்துவிட்டேன். பக்க ஓரத்துப் பட்டை, தலைப்பு, எண்கள் ஆகியவற்றுக்குப் பச்சை. படம் முழுக்க அரக்குக் குடும்பம். இருட்டு முனையில் #3D0A12, வெளிச்ச முனையில் மாவுக்கஞ்சி நிறத்தில் #FBEFD5, நடுவில் மூன்றாவது நிறுத்தமாக முத்திரையின் சொந்த அரக்கு #B3202C. இரு முனைகளுக்கும் நடுவே மாறுபாடு இப்போது 14.7-க்கு 1. அதோடு நடுச்சாயலில் முத்திரை நிறமே, ஓர் எண் பிசகாமல், உட்கார்ந்திருக்கிறது. அடையாளம் காப்பாற்றப்படுவது அங்கேதான்.

அந்த மூன்றாவது நிறுத்தத்தை எந்த இடத்தில் வைப்பது என்பதில் கொஞ்சம் நிற்க வேண்டும். எல்லோரும் நடுவில், அதாவது 50 விழுக்காட்டில் வைப்பார்கள். நானும் வைத்தேன். படம் முழுவதும் பொழுது சாய்ந்த மாதிரி இருண்டது. அரக்கு நம் மனதுக்குப் பிரகாசமான நிறம். கண்ணின் கணக்கில் அது இருண்ட நிறம். கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் அது 36 விழுக்காட்டுச் சாம்பலுக்குச் சமம். என் இருட்டு முனை 12, வெளிச்ச முனை 94. பன்னிரண்டில் தொடங்கித் தொண்ணூற்று நான்கில் முடிகிற பாதையில் முப்பத்தாறு எங்கே வரும்? ஏறத்தாழ 30 விழுக்காட்டுத் தொலைவில். நிறுத்தத்தை 50-இலிருந்து 30-க்கு நகர்த்தினேன். முகத்தில் வெளிச்சம் திரும்பி வந்தது. கணக்குப் பிடிக்காதவர்கள் நிறப்பட்டையை மட்டும் தனியே வரைந்து கறுப்பு வெள்ளையாக்கிப் பார்க்கலாம். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குச் சீராக ஏறினால் சரி; எங்காவது படுத்துக் கிடந்தால் நிறுத்தம் தவறான இடத்தில் இருக்கிறது. ஓர் எச்சரிக்கை: இதைச் சோதிக்க டிசாச்சுரேட் கட்டளையை நம்பாதீர்கள். அது மூன்று எண்களில் பெரியதையும் சிறியதையும் கூட்டிப் பாதியாக்குகிறது, அவ்வளவுதான். அதன் கணக்கில் என் அரக்கு 105, என் பச்சை 92. அதாவது அரக்குதான் வெளிச்சம் என்கிறது. கண்ணுக்கு உண்மை நேர்மாறானது. படத்தை கிரேஸ்கேல் முறைக்கே மாற்றிப் பாருங்கள்.

இதுவரை சொன்னது முனைகளைப் பற்றி. எனக்குப் பாடம் கற்பித்த இடம் அதற்கு முந்தைய படியில் இருந்தது. நிறம் ஏற்றும் முன் படம் கறுப்பு வெள்ளையாக மாறுகிறதல்லவா, அந்தப் படியைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை. கிரேடியன்ட் மேப் அதைத் தானே சத்தமில்லாமல் செய்துவிடுகிறது.

கையேட்டின் அட்டைக்கு எடுத்த படத்தில் ஒரு அம்மா, ஒரு கோர்வைப் புடவை. கோர்வை என்றால் உடலும் கரையும் வேறு வேறு நிற நூலில் தனித்தனி நாடாவில் நெய்யப்பட்டு, ஊடைக்கு ஊடை கோர்க்கப்படுவது. காஞ்சிப் பட்டின் பெருமையே அந்தச் சேர்மானம்தான். உடல் அரக்கு, கரை பாட்டில் பச்சை. நிறம் ஏற்றியதும் கரையைக் காணோம். அத்தனை பாடுபட்டுக் கோர்த்த கரை, உடலோடு ஒன்றாகிவிட்டது. எண்களை எடுத்துப் பார்த்தேன். புடவை உடலில் சிவப்பு 150, பச்சை 25, நீலம் 40. கரையில் சிவப்பு 20, பச்சை 95, நீலம் 50. கறுப்பு வெள்ளையாக்கும் பழைய வாய்பாடு சிவப்பில் 30 பங்கு, பச்சையில் 59 பங்கு, நீலத்தில் 11 பங்கு எடுக்கும். அந்த வாய்பாட்டில் போட்டால் உடல் 64, கரை 68. 255 படியில் நான்கு படி வித்தியாசம். யார் கண்ணுக்கும் தெரியாது.

வாய்பாட்டை நாமே மாற்றலாம். சேனல் மிக்சர் என்ற அடுக்கைக் கிரேடியன்ட் மேப்புக்குக் கீழே போட்டு, மோனோக்ரோம் பெட்டியில் குறியிட்டு, பங்குகளை 70, 20, 10 என்று வைத்தேன். கூட்டுத்தொகை 100 இருக்க வேண்டும், இல்லையென்றால் படம் மொத்தமாக வெளுக்கும் அல்லது இருளும். இப்போது உடல் 114, கரை 38. கோர்வை மீண்டும் தெரிந்தது. சிவப்புப் பங்கைக் கூட்டியதில் இன்னொரு நன்மையும் இருந்தது. நம் ஊர் மாநிறத் தோல் சிவப்பைத்தான் அதிகம் திருப்பி அனுப்புகிறது. பழைய வாய்பாட்டில் நிழலுக்குள் போய்விடுகிற முகங்கள் இந்தப் பங்கீட்டில் வெளிச்சத்துக்கு வந்தன. இரண்டு மாங்காய் விழுந்துவிட்டது என்று நினைத்து அட்டையை முடித்து, சங்கத்துக்கு அனுப்பினேன்.

படத்தில் இருந்த அம்மாவே சங்க அலுவலகத்துக்கு வந்து அதைப் பார்த்தார். எதுவும் சொல்லாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், "பொட்டு எங்கே தம்பி?"

நெற்றி வெறுமையாக இருந்தது. நான் அழிக்கவில்லை, வாய்பாடு அழித்திருந்தது. குங்குமத்தில் சிவப்பு 170, பச்சை 20, நீலம் 30. அவர் நெற்றித் தோலில் 140, 95, 70. என் 70, 20, 10 பங்கீட்டில் குங்குமம் 126, தோல் 124. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணவர் பக்கத்துத் தறியில் உட்கார்ந்திருக்க, ஒரு பெண்ணின் நெற்றியிலிருந்து பொட்டை எடுத்து ஆயிரம் பிரதி அச்சடிக்க இருந்தேன். அந்தக் கேள்வி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. இந்த அரங்கில் இருக்கிற இளைஞர்கள் நிறம் ஏற்றிய ஒவ்வொரு முகத்தையும் மூலப்படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான். சிவப்புப் பங்கு கூடினால் குங்குமம், உதட்டின் விளிம்பு, வெற்றிலைச் சிவப்பு எல்லாம் கரையும். பச்சைப் பங்கு கூடினால் அவை கறுத்துத் தெரியும், ஆனால் தோலும் கறுக்கும்.

தீர்வு ஒன்றும் பெரிதில்லை. ஒரு படத்துக்கு ஒரே பங்கீடு என்று விதி கிடையாது. முகத்துக்கு மட்டும், முதல் சேனல் மிக்சருக்குக் கீழே, இன்னொரு சேனல் மிக்சர் அடுக்குப் போட்டு, 45, 40, 15 என்று பங்கிட்டு, மாஸ்க்கில் முகத்தின் அளவுக்கு மென்மையான பிரஷ்ஷால் திறந்துவிட்டேன். குங்குமம் 89, தோல் 111. பொட்டு திரும்பி வந்தது. தோல் கொஞ்சம் இருண்டதை கர்வ்ஸ் அடுக்கில் சற்றுத் தூக்கினேன். ஒரு படத்துக்குப் பத்து நிமிட வேலை. நாற்பது படத்துக்கும் இதைச் செய்ய இரண்டு நாள் போயிற்று. அந்த இரண்டு நாளை மிச்சப்படுத்தும் வழி எதுவும் எனக்குத் தெரிந்து நல்ல வழி இல்லை.

இணையப் பக்கத்துக்கு வரும்போது இந்த அனுபவம் வேறொரு முடிவுக்குக் கொண்டுபோயிற்று. உலாவியே நிறம் ஏற்றிக்கொள்ளும்படி செய்யலாம். நாளைக்கு முத்திரை நிறம் மாறினால் நாற்பது படத்தையும் திரும்பச் செய்ய வேண்டாம். ஆனால் கறுப்பு வெள்ளையாக்குவதையும் உலாவியிடம் விட்டால் அது எல்லா முகத்துக்கும் ஒரே வாய்பாட்டைத்தான் போடும். ஆகவே வேலையைப் பிரித்துக்கொண்டோம். கறுப்பு வெள்ளைப் படத்தைக் கையால் தயாரித்து ஏற்றுவது. நிறத்தை மட்டும் வடிகட்டி ஏற்றுவது. அந்த வடிகட்டி இவ்வளவுதான்:

```
<filter id="arakku" color-interpolation-filters="sRGB">
  <feComponentTransfer>
    <feFuncR type="table" tableValues=".24 .70 .84 .98"/>
    <feFuncG type="table" tableValues=".04 .13 .53 .94"/>
    <feFuncB type="table" tableValues=".07 .17 .50 .84"/>
  </feComponentTransfer>
</filter>
```

படத்துக்கு `filter: url(#arakku)` என்று எழுதினால் போதும். ஒவ்வொரு வரியிலும் நான்கு எண்கள், இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு. இவை சம இடைவெளியில்தான் அமரும். 30 விழுக்காட்டில் வைக்க முடியாது. அதனால் மூன்றில் ஒரு பங்குத் தொலைவில், 33-இல், அரக்கை வைத்தோம். மூன்றாவது எண் அரக்குக்கும் கஞ்சி நிறத்துக்கும் சரிநடுவில் உள்ளது. முதல் வரியில் உள்ள sRGB என்ற சொல்லை விட்டுவிட்டால் உலாவி வேறொரு ஒளிக்கணக்கில் கலந்து, நிறங்களை நாம் கொடுத்ததைவிட வெளிறச் செய்துவிடும். திரையில் அரக்கு ரோஜாவாகத் தெரிந்தால் முதலில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பலர் இவ்வளவும் எதற்கு, படத்தின் மேல் முத்திரை நிறத்தை ஐம்பது விழுக்காட்டில் ஊற்றிவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். ஊற்றலாம். அப்போது கறுப்பும் பாதி அரக்காகும், வெள்ளையும் பாதி அரக்காகும்; எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கும். மூலப்படத்தின் டியூப்லைட் பச்சையும் அடியில் எட்டிப் பார்க்கும். நிறத்தை ஊற்றுவதற்கு நியாயமான இடம் ஒன்று உண்டு: படத்தின் மேல் எழுத்து வருகிற இடம். அங்கே கீழிருந்து மேலாக ஆழ்ந்த அரக்கை மங்கிக்கொண்டே போகும்படி ஒரு கிரேடியன்ட் போட்டோம். அரக்கின் மேல் வெள்ளை எழுத்துக்கு மாறுபாடு 6.6-க்கு 1 வருகிறது. சாதாரண அளவு எழுத்துக்குத் தேவையானது 4.5. ஆகவே எழுத்து விழுகிற இடத்தில் படம் அரக்கைவிட வெளிச்சமாகாமல் பார்த்துக்கொண்டால் படிக்கச் சிரமம் இருக்காது. இந்த கிரேடியன்ட்டைக் கறுப்பில் போடாதீர்கள். நிழலெல்லாம் கருஞ்சிவப்பாக இருக்கிற படத்தில் கறுப்பு மட்டும் புகைக்கரிபோல் தனித்து நிற்கும்.

அச்சில் ஒரே ஒரு சிக்கல் வந்தது. அட்டைக்குச் சங்கத்தார் பளபளப்பில்லாத தாள் கேட்டார்கள். அந்தத் தாளில் மை உறிஞ்சிப் புள்ளி விரியும். திரையில் பார்த்த நடுச்சாயல் தாளில் ஒரு படி இருண்டு வரும். சிவகாசியிலிருந்து வந்த முதல் புரூஃபில் முகங்கள் மறுபடியும் நிழலுக்குள் நழுவியிருந்தன. அச்சகத்தார் மையைக் குறைக்கலாம் என்றார். மையைக் குறைத்தால் கருஞ்சிவப்பும் வெளுக்கும் என்பதால், நான் கறுப்பு வெள்ளை அடுக்கில் நடுச்சாயலை மட்டும் கர்வ்ஸில் தூக்கி இரண்டாவது புரூஃப் எடுத்தேன். பகல் வெளிச்சத்தில் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தோம். கரை தெரிந்தது. பொட்டு தெரிந்தது.

கையேட்டில் அட்டை, பிரிவுகளின் முகப்பு, சங்கத்தின் கதை சொல்லும் பக்கங்கள் ஆகியவற்றில்தான் இந்த நிறம் ஏற்றிய படங்கள். விலை போட்ட புடவைகளின் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. முதலில் அங்கேயும் ஏற்றிப் பார்க்கலாம் என்று சங்கத்தில் ஒருவர் ஆசைப்பட்டார். ஒரே மாதிரி இருக்குமே என்று. இரண்டாவது புரூஃபை அந்த அம்மாவிடம் காட்டியபோது அவர் முகம் மலர்ந்தது, பொட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு புடவையின் மேல் விரலை வைத்து, "இது என்ன கலர்னு வாங்குறவங்களுக்குத் தெரிய வேணாமா?" என்றார். எதிர்ப்பக்கத்தில் அதே புடவையை, நிறம் ஏற்றாமல், காலை வெயிலில் புதிதாகப் படமெடுத்து வைத்தோம்.